பெயரை அழித்த பிறகும் ஆள் தெரிவது ஏன்? சமூக ஊடகப் பதிவுகளை ஆய்வுக்கு எடுப்போருக்கு ஓர் அறிமுகம்

பிரசவத்துக்குப் பிறகு வரும் மனச்சோர்வைப் பற்றித் தமிழில் பேசும் யூடியூப் காணொளிகளின் கீழே, வீட்டில் யாரிடமும் சொல்லாததைப் பெண்கள் எழுதிவைத்திருப்பார்கள். முதுகலை மாணவி ஒருவர் அந்தப் பின்னூட்டங்களை ஆராயப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். 40 காணொளிகள், சுமார் 6,000 பின்னூட்டங்கள். சேகரிப்பது சுலபம். நிரல்கள் தரவைக் கேட்டு வாங்குவதற்கென யூடியூப் வைத்திருக்கும் வழியான ஏபிஐ, ஒரு கோரிக்கைக்கு 100 பின்னூட்டம் வரை தரும். இலவசக் கணக்குக்கே நாளொன்றுக்கு 10,000 அலகு ஒதுக்கீடு உண்டு, ஒரு கோரிக்கைக்கு ஆகும் செலவோ 1 அலகுதான். ஒரு மாலைப் பொழுதில் மொத்தமும் கணினியில் வந்து உட்கார்ந்துவிடும்.

நெறிமுறைக் குழு கேட்டால் என்ன பதில் சொல்வது? பெரும்பாலான ஆய்வேடுகளில் இரண்டே வாக்கியங்கள்தான் இருக்கும். “இவை எல்லோரும் பார்க்கக்கூடிய பொதுப் பதிவுகள். பயனர்பெயர்கள் நீக்கப்பட்டுவிட்டன.” இந்த இரண்டு வாக்கியங்களுமே போதாதவை. ஏன் போதாதவை என்பதையும், அவற்றுக்குப் பதிலாக என்ன செய்ய வேண்டும் என்பதையும் இந்த ஒரே ஆய்வை வைத்துப் பார்க்கலாம்.

“பொதுவில்தானே இருக்கிறது?”

2016 மே மாதம், ஓகே க்யூபிட் என்ற துணை தேடும் தளத்தில் இருந்த ஏறக்குறைய 70,000 பேரின் விவரங்களை டென்மார்க்கைச் சேர்ந்த ஒரு மாணவரும் அவருடைய கூட்டாளிகளும் தானியங்கி நிரலால் வாரி எடுத்து, யார் வேண்டுமானாலும் பதிவிறக்கும்படி இணையத்தில் வைத்தார்கள். வயது, பாலினம், ஊர், பாலியல் விருப்பங்கள் பற்றிய கேள்விகளுக்குத் தந்த பதில்கள், கூடவே பயனர்பெயர். ஏன் அடையாளத்தை நீக்கவில்லை என்று கேட்டபோது வந்த பதில், தரவு ஏற்கெனவே பொதுவில் இருக்கிறது என்பதுதான். எதிர்ப்பு கிளம்பி, அந்தத் தளமே பதிப்புரிமைப் புகார் கொடுத்த பிறகுதான் அது அகற்றப்பட்டது.

அந்த விவரங்களை எழுதியவர்கள், துணை தேடும் இன்னொருவர் பார்ப்பார் என்று நினைத்து எழுதியவர்கள். தன் அலுவலக மேலாளர் அட்டவணையில் வடிகட்டித் தேடுவார் என்று நினைத்தவர்கள் அல்லர். தகவல் எந்தச் சூழலில், எந்த எதிர்பார்ப்போடு சொல்லப்பட்டதோ அந்தச் சூழலை விட்டு அதை வெளியே எடுத்தாலே அந்தரங்கம் மீறப்படுகிறது என்பது ஹெலன் நிசன்பாம் முன்வைத்த கோட்பாடு. தெருத் திண்ணையில் இரண்டு பேர் பேசுவது வழிப்போக்கர் காதில் விழத்தான் செய்யும். அதற்காக அதை ஒலிப்பதிவு செய்து ஊருக்கே போட்டுக் காட்டலாம் என்று ஆகிவிடாது.

எழுதுபவர்களின் எதிர்பார்ப்பு என்ன என்பதை நேரடியாகக் கேட்டும் பார்த்திருக்கிறார்கள். கேசி ஃபீஸ்லரும் நிக்கலஸ் ப்ரொஃபெரஸும் 2018-இல் வெளியிட்ட கருத்தாய்வில் 268 ட்விட்டர் பயனர்கள் கலந்துகொண்டார்கள். தங்கள் ட்வீட்டுகளை ஆய்வாளர்கள் எடுத்துப் பயன்படுத்துகிறார்கள் என்பதே அவர்களில் பெரும்பாலோருக்குத் தெரிந்திருக்கவில்லை. அனுமதி கேட்காமல் எடுக்கக் கூடாது என்றே பலர் கருதினார்கள். ஆனால் அவர்களுடைய பதில்கள் ஆய்வின் பொருளைப் பொறுத்தும், மேற்கோள் காட்டப்படுமா, பெயர் வருமா என்பதைப் பொறுத்தும் மாறின. அறச் சிக்கல் எடுப்பதோடு முடிவதில்லை, எடுத்ததை என்ன செய்கிறோம் என்பதிலும் இருக்கிறது.

நம் மாணவியின் ஆய்வில் எதிர்பார்ப்பை எடைபோட நான்கு கேள்விகள் போதும். பதிவைப் பார்க்க உள்நுழைய வேண்டுமா, குழுவில் சேர வேண்டுமா? எழுதியவர் யாரிடம் பேசுகிறார், காணொளி போட்டவரிடமா, ஊரிடமா? விஷயம் வெளியே தெரிந்தால் அவருக்கு என்ன ஆகும்? எழுதியவர் பதினெட்டு வயதுக்குக் கீழே இருக்கக்கூடுமா? முதல் கேள்விக்கு இங்கே பதில் “இல்லை”. அதனால் சேகரிக்கத் தடை இல்லை என்று கொள்ளலாம். மற்ற மூன்றும் வேறு பக்கம் இழுக்கின்றன. பெண்கள் “அக்கா” என்று விளித்துக் காணொளிக்காரரிடம் பேசுகிறார்கள். விஷயம் மாமியார் வீட்டுக்குத் தெரிந்தால் பெரும் பிரச்சினை. கிரிக்கெட் ஆட்டத்தைப் பற்றிய பின்னூட்டத்துக்குப் போதுமான காப்பு இதற்குப் போதாது.

சட்டத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இந்தியாவின் 2023-ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவர் தானே பொதுவில் வைத்த தனிப்பட்ட தரவைத் தன் வரம்புக்கு வெளியே விடுகிறது. இதைப் படித்துவிட்டு நிம்மதி அடைபவர்கள் “தானே” என்ற சொல்லைக் கவனிப்பதில்லை. ஒரு பின்னூட்டத்தில் “என் நாத்தனாருக்கும் இப்படித்தான், மாத்திரை சாப்பிடுறாங்க” என்று இருந்தால், அந்த நாத்தனார் எதையும் பொதுவில் வைக்கவில்லை. நம் குடும்பப் பேச்சில் ஒருவரைப் பற்றி மட்டும் பேசுவது அரிது. 6,000 பின்னூட்டங்களில் எழுதியவர்களைவிட எழுதப்பட்டவர்கள் அதிகமாக இருந்தால் வியப்பதற்கில்லை.

எடுக்கும்போதே குறைவாக எடுப்பது

கையில் இல்லாத தரவு கசியாது. இந்தச் சின்ன விஷயத்தைத்தான் தொடக்கநிலை ஆய்வாளர்கள் தலைகீழாகச் செய்கிறார்கள். எல்லாவற்றையும் இறக்கிவைத்துக்கொண்டு, அப்புறம் தேவையில்லாத பத்திகளை அழிக்கலாம் என்று நினைக்கிறார்கள். அதற்குள் மூலக் கோப்பு மடிக்கணினியிலும், கூகுள் டிரைவிலும், வழிகாட்டிக்கு அனுப்பிய மின்னஞ்சலிலும் மூன்று நகல்களாகப் பரவியிருக்கும்.

யூடியூப் ஏபிஐ ஒவ்வொரு பின்னூட்டத்தோடும் எழுதியவரின் காட்சிப்பெயர், முகப்படத்தின் முகவரி, சேனல் முகவரி, சேனல் அடையாள எண் எல்லாவற்றையும் அனுப்பும். ஆனால் எது வேண்டும் என்று நாமே சொல்ல வழி உண்டு. கோரிக்கையில் `fields` என்ற அளவுருவைச் சேர்த்தால், கேட்டது மட்டும்தான் வரும்:

```
fields=nextPageToken,items(snippet(topLevelComment(snippet(authorChannelId,textOriginal,publishedAt))))
```

இப்படிக் கேட்டால் காட்சிப்பெயரும் முகப்படமும் நம் கணினிக்கு வரவே வராது. தேதியும் அப்படித்தான். `publishedAt` நொடிவரை துல்லியமாக வரும். ஆய்வுக்கு மாதம் போதும் என்றால் சேமிக்கும்போதே மாதமாக வெட்டிவிட வேண்டும். ஒரு காணொளியின் கீழே குறிப்பிட்ட நொடியில் எழுதப்பட்ட பின்னூட்டம் பெரும்பாலும் ஒன்றுதான் இருக்கும். அந்த நொடி, பெயருக்குச் சமம்.

பின்னூட்டத்தின் அடையாள எண்ணும் அதே வகை. பெயரை நீக்கிவிட்டு அந்த எண்ணைக் கோப்பில் விட்டுவைத்தால், அதை வைத்தே மூலப் பின்னூட்டத்தைத் திறந்துவிடலாம். கதவைப் பூட்டிச் சாவியைக் கதவிலேயே தொங்கவிட்டது போலத்தான்.

பயனர்பெயருக்குக் குறியீடு தருவது

ஒரே பெண் மூன்று காணொளிகளில் எழுதியிருந்தால் அவர் ஒருவர்தான் என்று ஆய்வுக்குத் தெரிய வேண்டும். அதற்காகத்தான் சேனல் எண்ணை மட்டும் கேட்டோம். அதை அப்படியே வைத்துக்கொள்ளாமல் குறியீடாக மாற்ற வேண்டும்.

பலரும் முதலில் நாடுவது ஹேஷ். எந்தச் சொல்லைக் கொடுத்தாலும் அதை ஒரு நீண்ட எண்ணெழுத்துத் தொடராக அரைத்துத் தரும், திரும்ப மூலத்தை எடுக்க முடியாது என்று பாடங்களில் சொல்வார்கள். அது உண்மைதான். ஆனால் திரும்ப எடுக்க வேண்டிய தேவையே இல்லை. நியூயார்க் நகரம் 2014-இல் தகவல் உரிமைச் சட்டப்படி வெளியிட்ட டாக்சிப் பயணப் பட்டியலில் 17 கோடிக்கும் மேற்பட்ட பயணங்கள் இருந்தன. டாக்சி உரிம எண்களை எம்டி5 என்ற ஹேஷால் மறைத்திருந்தார்கள். உரிம எண்கள் குறிப்பிட்ட வடிவத்தில்தான் வரும். சாத்தியமான எண்கள் அனைத்தையும் கணினியில் அரைத்து, பட்டியலோடு ஒப்பிட்டு, இரண்டு மணி நேரத்துக்குள் ஒரு மென்பொருள் பொறியாளர் எல்லாவற்றையும் அவிழ்த்துவிட்டார்.

நம் மாணவியின் தரவில் இது இன்னும் சுலபம். எந்தக் காணொளிகள் என்று ஆய்வேட்டிலேயே எழுதியிருப்பார். யாரோ ஒருவர் அதே 40 காணொளிகளில் எழுதியவர்களின் சேனல் எண்களை எடுத்து, அதே ஹேஷில் போட்டால், சில ஆயிரம் வரிகள், ஒரு நொடி வேலை. பெயர்கள் எல்லாம் வரிசையாக வந்து நிற்கும்.

தீர்வு, ஹேஷுக்குள் ஒரு ரகசியச் சாவியையும் சேர்த்து அரைப்பது. சாவி இல்லாதவர் எத்தனை பெயர்களைப் போட்டுப் பார்த்தாலும் நம் குறியீடு கிடைக்காது. முதலில் சாவியை ஒரே ஒரு முறை உருவாக்க வேண்டும்:

```python
import secrets
open("key.bin", "xb").write(secrets.token_bytes(32))
```

`xb` என்று போட்டிருப்பதற்குக் காரணம் உண்டு. கோப்பு ஏற்கெனவே இருந்தால் பிழை காட்டி நின்றுவிடும். `wb` என்று போட்டுவிட்டுத் தெரியாமல் இரண்டாம் முறை ஓட்டினால் பழைய சாவி அழிந்து, முதல் வாரக் குறியீடுகளும் இரண்டாம் வாரக் குறியீடுகளும் பொருந்தாமல் போகும். பிறகு குறியீடு தருவது:

```python
import hmac, hashlib

def code(channel_id, key):
    d = hmac.new(key, channel_id.encode("utf-8"), hashlib.sha256)
    return "P" + d.hexdigest()[:10]
```

காட்சிப்பெயரை விட்டுச் சேனல் எண்ணைப் பயன்படுத்துவது, பெயரை மக்கள் அடிக்கடி மாற்றுவதால். பெயர் மாறினால் ஒரே ஆள் இரண்டு பேராகத் தெரிவார். சாவிக் கோப்பைத் தரவு இருக்கும் கோப்புறையில் வைக்கக் கூடாது. அது ஒரு பென்டிரைவில், வழிகாட்டியின் பூட்டிய மேசையில் இருப்பது நல்லது. ஆய்வு முடிந்து எந்தத் தேதியில் சாவியை அழிப்போம் என்பதை நெறிமுறைக் குழுவுக்கான விண்ணப்பத்திலேயே எழுதிவிட வேண்டும். அதுவரை அதை வைத்திருப்பதற்கும் ஒரு நியாயம் உண்டு. யாராவது தன் பின்னூட்டங்களை நீக்கச் சொன்னால், சாவி இருந்தால்தான் அவருடைய குறியீட்டைக் கண்டுபிடிக்க முடியும்.

சாவி இருக்கும்வரை இது அடையாளம் முழுதாக நீங்கிய தரவு ஆகாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்புச் சட்டமான ஜிடிபிஆர், இதைப் புனைபெயரிட்ட தரவு என்று தனியாகப் பெயரிட்டு, இன்னமும் தனிப்பட்ட தரவாகவே நடத்துகிறது. ஆகவே ஆய்வேட்டில் “அடையாளம் முற்றிலும் நீக்கப்பட்டது” என்று எழுதுவது தவறு. “குறியீடு இடப்பட்டது, சாவி தனியே உள்ளது” என்று எழுதுவதே நேர்மை.

குறியீடு எவ்வளவு வலுவானதாக இருந்தாலும் அது காப்பாற்றாத ஓர் இடம் உண்டு. 2006 ஆகஸ்டில் ஏஓஎல் என்ற அமெரிக்க இணைய நிறுவனம் சுமார் 6,50,000 பயனர்கள் மூன்று மாதங்களில் தேடிய 2 கோடித் தேடல்களை ஆய்வாளர்களுக்கென்று வெளியிட்டது. பயனர்பெயர்களுக்குப் பதில் எண்கள். அந்த எண்களை யாரும் உடைக்கவில்லை. ஓர் எண்ணுக்குக் கீழே இருந்த தேடல்களை எல்லாம் வரிசையாகப் படித்தார்கள், அவ்வளவுதான். ஊர்ப்பெயர், அங்கே தோட்ட வேலைக்கு ஆள், ஒரே குடும்பப் பெயர் கொண்ட சிலர், உடல் உபாதைகள். நியூயார்க் டைம்ஸ் நிருபர்கள் அவற்றைத் தேடிய மூதாட்டியின் வீட்டு வாசலுக்கே போய்விட்டார்கள்.

சிறு சிறு விவரங்களை ஒரு குறியீட்டின் கீழே சேர்த்துவைப்பதே ஆளைக் காட்டிக்கொடுக்கிறது. அதனால் மாணவி தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. ஒருவரின் பின்னூட்டங்களைக் கோத்துப் பார்ப்பது என் ஆய்வுக் கேள்விக்குத் தேவையா? தேவையில்லை என்றால் சேனல் எண்ணையே எடுக்க வேண்டாம். குறியீடும் வேண்டாம், சாவியும் வேண்டாம்.

பதிவுக்குள்ளே ஒளிந்திருக்கும் பெயர்கள்

பெயர்ப் பத்தியை நீக்கிய பிறகும் பின்னூட்டத்தின் உள்ளே பெயர்கள் இருக்கும். யூடியூபில் பதில் எழுதினால் எதிராளியின் பெயர் `@` குறியோடு தொடக்கத்திலேயே வந்து விழும். இதை நிரலால் நீக்கப் போகும்போது தமிழில் ஒரு பள்ளம் காத்திருக்கிறது. ஆங்கில வழிகாட்டிகளில் `@\w+` என்று எழுதச் சொல்வார்கள். பைத்தானின் `re` நூலகத்தில் `\w` என்பது தமிழ் உயிர்மெய்க் குறிகளையும் புள்ளியையும் எழுத்தாக எண்ணாது. `@கண்ணன்` என்ற பெயரில் `@கண` வரை வெட்டிவிட்டு மீதியை அப்படியே விட்டுவிடும். `@\S+` என்று எழுதினால் அடுத்த இடைவெளி வரை முழுதும் போகும். பழைய பதில்களில் பெயரே இடைவெளியோடு இருக்கும், அங்கே பெயரின் இரண்டாம் பாதி தப்பித்துவிடும். அதைக் கண்ணால்தான் பிடிக்க வேண்டும்.

அதைவிடப் பெரிய சிக்கல் வேற்றுமை உருபு. பெயர்ப் பட்டியல் ஒன்றைத் தயாரித்து, ஒவ்வொன்றையும் தேடி நீக்கலாம் என்று தோன்றும். “கண்ணன்” என்று தேடினால் “கண்ணனுக்கு” அகப்படாது. கணினிக்கு, முதலாவது ன-வும் புள்ளியும் சேர்ந்து முடிகிறது, இரண்டாவதில் புள்ளிக்குப் பதில் உகரக் குறி வந்துவிடுகிறது. ஊர்ப்பெயர் இன்னும் மோசம். “சிதம்பரம்” என்று தேடினால் “சிதம்பரத்துல” சிக்காது, கடைசி மகரமே போய்விட்டது. ஆகவே பெயரின் மாறாத முன்பகுதியை, அதாவது `கண்ணன`, `சிதம்பர` என்பவற்றைத் தேட வேண்டும். அது தேவையில்லாததையும் பிடிக்கும், சிதம்பரநாதனும் மாட்டுவார். பிடித்ததை மனிதர் ஒருவர் பார்த்து முடிவுசெய்ய வேண்டும். தமிழை ஆங்கில எழுத்தில் எழுதியவர்களுக்கு வேறு பட்டியல், அதிலும் ஒரே பெயருக்கு நான்கு எழுத்துக்கூட்டல்.

நிரலை ஓட்டி முடித்ததும் 200 பின்னூட்டங்களைக் குருட்டாம்போக்கில் எடுத்துக் கையால் படித்துப் பாருங்கள். ஒரு பெயர் தப்பியிருந்தாலும், அது எந்த வடிவத்தில் தப்பியது என்று பார்த்து நிரலைத் திருத்தி, வேறு 200-ஐ எடுத்துப் படிக்க வேண்டும். சோம்பல் வரும் இடம் இது. வழக்கமாகக் கசிவு நிகழ்வதும் இங்கேதான்.

மேற்கோள்தான் உண்மையான பெயர்

இவ்வளவும் செய்து, கடைசியில் ஆய்வேட்டில் ஒரு பின்னூட்டத்தை அப்படியே மேற்கோள் காட்டினால் எல்லாம் வீண். 112 ட்விட்டர் ஆய்வுக் கட்டுரைகளைச் சோதித்து 2018-இல் வெளிவந்த ஓர் ஆய்வு இதை அளந்து காட்டியது. அவற்றில் 72 சதவீதம் ஒரு ட்வீட்டையாவது சொல் மாறாமல் மேற்கோள் காட்டியிருந்தன. அந்த மேற்கோள்களைத் தேடியபோது 84 சதவீதத்தில் எழுதியவரின் கணக்கு அகப்பட்டது. அந்தக் கட்டுரைகளின் ஆசிரியர்கள் எல்லோரும் அலட்சியக்காரர்கள் அல்லர். வரியே கைரேகை என்பது தோன்றாமல் போனவர்கள்.

தமிழில் கைரேகை இன்னும் அழுத்தமாக விழும். “ரொம்ப” என்பதை `romba`, `rmba`, `rombha` என்று ஒவ்வொருவர் ஒவ்வொரு விதமாக எழுதுவார்கள். ஒரு நீண்ட வரியில் அத்தகைய எழுத்துக்கூட்டல்கள் ஆறு இருந்தால் அதே கோவை இணையத்தில் இன்னொரு முறை வர வாய்ப்பே இல்லை. அதோடு பேச்சுவழக்கு, வட்டாரத்தையும் பல வேளைகளில் சாதியையும் சொல்லிவிடும். “அத்திம்பேர்” என்ற ஒரு சொல் போதும். ஊரையும் பெயரையும் அழித்துவிட்டு அந்தச் சொல்லை விட்டுவைத்தால், வாசகர் எழுதியவரைப் பாதி அடையாளம் கண்டுவிடுவார்.

உதாரணத்துக்கு நாமே புனைந்த ஒரு பின்னூட்டம்:

“அக்கா நீங்க சொல்றது அப்படியே எனக்கு நடந்துச்சு. போன ஆடியில சிதம்பரத்துல ஜி.எச்.ல ரெட்டைப் புள்ள பொறந்துச்சு. அவரு துபாய்ல. மாமியார் புள்ளைங்களத் தூக்கவே விடல. மூணு மாசம் தைக்கிற கடையத் தொறக்காம அழுதுகிட்டே கெடந்தேன். எங்க அண்ணன் கண்ணனுக்கு மட்டும்தான் தெரியும்.”

பெயர் என்று இதில் இருப்பது ஒன்றே. அதை நீக்கினாலும், ஒரு ஊர், ஒரு மருத்துவமனை, ஒரு மாதம், இரட்டைக் குழந்தை, துபாய்க் கணவர், தையல் கடை என்று ஆறு விவரங்கள் நிற்கின்றன. தனித்தனியே ஒவ்வொன்றும் ஆயிரம் பேருக்குப் பொருந்தும். ஆறும் சேர்ந்தால் அந்தத் தெருவில் உள்ள யாருக்கும் ஒரே ஒருவர்தான் நினைவுக்கு வருவார். முன்பின் தெரியாத ஆள் தேடிக் கண்டுபிடிப்பதைவிட, தெரிந்தவர் படித்து அறிந்துகொள்வதே இத்தகைய ஆய்வில் பெரிய ஆபத்து.

இதை மாற்றி எழுதும்போது, எந்த விவரம் ஆய்வின் வாதத்தைத் தாங்குகிறது என்று முதலில் பார்க்க வேண்டும். இங்கே வாதம், குழந்தையைத் தாயிடமிருந்து விலக்கிவைப்பதும், வேலை நின்றுபோவதும், ஒருவரிடம் மட்டும் சொல்ல முடிவதும். மற்றவை போகலாம்:

“என் கணவர் வெளிநாட்டில் இருக்கிறார். மாமியார் குழந்தையை என்னிடம் தரவே இல்லை. சில மாதங்கள் செய்துவந்த தொழிலையும் விட்டுவிட்டு அழுதபடியே இருந்தேன். உறவில் ஒருவருக்கு மட்டும்தான் இது தெரியும்.”

துபாயை “வெளிநாடு” என்று மட்டும் மாற்றியதைக் கவனியுங்கள். “வெளியூர்” என்று மாற்றினால் கூடுதல் காப்பு கிடைக்கும். ஆனால் புலம்பெயர் வேலை ஆய்வின் ஒரு கருப்பொருள் என்றால் அந்த மாற்றம் தரவையே பொய்யாக்கிவிடும். எங்கே நிற்பது என்பதற்குச் சூத்திரம் கிடையாது. மாற்றி எழுதியதை இன்னொரு ஆய்வாளரிடம் மூலத்தோடு கொடுத்து, இரண்டுக்கும் ஒரே கருப்பொருளைத்தான் அவர் குறிக்கிறாரா என்று பார்ப்பது நடைமுறையில் உதவும் சோதனை. பகுப்பாய்வு எப்போதும் மூலத்தின் மேல்தான் நடக்கும். மாறுவது அச்சில் வரும் வரி மட்டுமே. அதையும் ஆய்வேட்டில் வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும்.

அடுத்தது தேடல் சோதனை. மாற்றிய வரியை மேற்கோள் குறிக்குள் இட்டுக் கூகுளில் தேடுங்கள். பிறகு குறி இல்லாமல், அதன் முக்கியச் சொற்களை மட்டும் தேடுங்கள். பிறகு அந்தத் தளத்தின் சொந்தத் தேடலிலும் தேடுங்கள். மூலப் பதிவு எங்காவது தலைகாட்டினால் இன்னொரு முறை மாற்ற வேண்டும். ஆங்கில ஆய்விதழுக்காக மொழிபெயர்த்தால் அதே சொற்களை வைத்துத் தேடுவது கடினமாகிவிடும். அதுவே ஒரு காப்புதான். ஆனால் தமிழ் மூலத்தையும் பக்கத்தில் அச்சிடும் பழக்கம் மொழியியல் கட்டுரைகளில் உண்டு. அங்கே இந்தக் காப்பு கிடையாது.

சொல் மாறாமல் மேற்கோள் காட்டியே ஆக வேண்டும் என்றால் அனுமதி கேட்பதுதான் வழி. 6,000 பின்னூட்டங்களை எழுதிய எல்லோரிடமும் கேட்க முடியாது, மேற்கோள் காட்டப்போகும் எட்டுப் பேரிடம் கேட்கலாம். அதிலும் எப்படிக் கேட்கிறோம் என்பது முக்கியம். அவருடைய பின்னூட்டத்துக்குக் கீழேயே “உங்கள் மனச்சோர்வைப் பற்றி ஆய்வு செய்கிறோம்” என்று பதில் எழுதினால், அந்த அறிவிப்பு குடும்பத்தில் நாலு பேர் கைமாறும் ஒரு போனில் ஒளிரலாம். அனுமதி கேட்கும் செயலே காட்டிக்கொடுக்கும் என்றால் கேட்காமல், மாற்றி எழுதுவதோடு நிறுத்திக்கொள்வது மேல்.

எல்லாப் பதிவுகளுக்கும் இந்த மறைப்பு பொருந்தாது. அமைச்சர் தன் அதிகாரப்பூர்வக் கணக்கில் எழுதியதைப் பெயரோடுதான் காட்ட வேண்டும். இணையத்தில் கவிதை எழுதும் ஒருவரின் வரியைப் பெயரை மறைத்து எடுத்தால், அவருக்குச் சேர வேண்டிய பெருமையைப் பறித்ததாகும். ஆய்வாளர் ஏமி ப்ரக்மன் 2002-லேயே இந்த வேறுபாட்டை எடுத்துக்காட்டி, மறைப்பைப் பல படிகளாகப் பிரித்தார். நம் மாணவியின் தரவிலும் காணொளி போட்ட மருத்துவரும், கீழே அழுத பெண்ணும் ஒரே படியில் இல்லை.

தரவைப் பிறருக்குத் தரும்போது

ஹார்வர்டு ஆய்வாளர்கள், ஒரு கல்லூரியின் முதலாண்டு மாணவர்கள் 1,640 பேரின் ஃபேஸ்புக் விவரங்களைத் திரட்டி, பெயர்களை நீக்கி, 2008 செப்டம்பரில் வெளியிட்டார்கள். கல்லூரியின் பெயரைச் சொல்லவில்லை. மைக்கேல் ஸிம்மர் என்ற அறிஞர் தரவைத் திறந்துகூடப் பார்க்காமல், கூட வந்த விளக்கக் குறிப்பேட்டையும் ஆய்வாளர்கள் வெளியில் பேசியதையும் மட்டும் வைத்து அது ஹார்வர்டு கல்லூரிதான் என்று காட்டினார். அங்கே மட்டுமே வழங்கும் பாடப்பிரிவுப் பெயர்கள் குறிப்பேட்டில் இருந்தன. கல்லூரி தெரிந்த பிறகு, ஒரு நாட்டிலிருந்து ஒரே ஒரு மாணவர் என்று வரும் வரிசைகளுக்குப் பெயர் தேவையில்லை. தரவு திரும்பப் பெறப்பட்டது.

இதில் கற்க வேண்டியது, சிறிய எண்ணிக்கைகள். வெளியிடும் அட்டவணையில் மாவட்டம், குழந்தைகளின் எண்ணிக்கை, கணவர் இருக்கும் இடம் என்று மூன்று பத்திகள் இருந்தால், மூன்றையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள். ஏதாவது ஒரு சேர்க்கையில் ஐந்து பேருக்குக் கீழே இருந்தால் ஒரு பத்தியைப் பொதுவாக்க வேண்டும், மாவட்டத்தை மண்டலமாக மாற்றுவது போல. ஐந்து என்பது ஒரு நடைமுறை வழக்கம்தான். இவ்வளவு நுணுக்கமான விஷயத்துக்குப் பத்து வைப்பது நல்லது.

நீக்கப்பட்ட பதிவுகளும் உண்டு. ஒரு பெண் எழுதிய மறுநாளே பயந்து அழித்திருக்கலாம், நம் கோப்பில் அது நிலைத்துவிட்டது. யூடியூபின் ஏபிஐ விதிகள், சேமித்த தரவை 30 நாளுக்குள் புதுப்பிக்க வேண்டும் அல்லது அழிக்க வேண்டும் என்கின்றன. புதுப்பிக்கும்போது தளத்தில் இல்லாதது நம்மிடமும் இருக்கக் கூடாது. ஆனால் புதுப்பிக்கப் பின்னூட்டத்தின் அடையாள எண் வேண்டும், அதையோ மேலே ஆபத்து என்று எடுத்துவிட்டோம். இந்த முரணுக்கு வழி, கோரிக்கையில் `id`-யையும் கேட்டு வாங்கி, எண்களைத் தனிக் கோப்பாகச் சாவியோடு சேர்த்துப் பூட்டிவைப்பது. மாதம் ஒருமுறை அதை எடுத்து, 6,000 எண்களையும் ஏபிஐயிடம் கேட்டு, பதில் வராதவற்றைத் தரவிலிருந்து நீக்கிவிட்டு, மீண்டும் பூட்டிவிடலாம். ஆய்வேட்டை அச்சுக்குக் கொடுப்பதற்கு முந்தைய நாளும் ஒருமுறை. மேற்கோளுக்கு எடுத்த எட்டுப் பின்னூட்டங்களில் ஒன்று அன்றைக்குத் தளத்தில் இல்லை என்றால், எவ்வளவு அருமையான வரியாக இருந்தாலும் வேறொன்றைத் தேட வேண்டியதுதான்.